ஒரே பிழை, மூன்று மேசைகள்: கேம் துறையில் டெஸ்டர், கம்யூனிட்டி மேனேஜர், டிசைனர்

கேம் துறையில் வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மாணவர்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் டெஸ்டராக உள்ளே நுழைய வேண்டும், பிறகு கம்யூனிட்டி மேனேஜர் போன்ற ஏதாவது ஒரு பொறுப்புக்கு மாற வேண்டும், கடைசியில் டிசைனராகிவிட வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. இந்த மூன்றையும் ஒரே ஏணியின் படிகளாகப் பார்ப்பதால்தான் பலர் தமக்குப் பொருந்தாத வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள். மூன்றும் வெவ்வேறு வகையான கவனத்தைக் கோரும் வெவ்வேறு தொழில்கள். ஒரே பிழை இந்த மூவரின் மேசைகளுக்கும் வரும்போது ஒவ்வொருவரும் அதை என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தால், தமக்கு எது ஒத்துவரும் என்பதை ஒரு மாணவர் ஓரளவு தெளிவாகவே முடிவு செய்துகொள்ளலாம்.

இதற்காக ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்வோம். அது கைபேசியில் ஆடும் இலவசக் கார் பந்தயம். ஒரு பந்தயத்தை முடித்தால், கேமுக்குள் புதுக் கார் வாங்க உதவும் 50 காசு கிடைக்கும். முடிந்ததும் ஒரு விளம்பர வீடியோவை முழுமையாகப் பார்த்தால் இன்னொரு 50 காசு கிடைக்கும். இலவச கேம்கள் பலவற்றுக்கு வருமானம் தருவது இந்த வகை விளம்பரம்தான். வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கையில் அழைப்பு வந்தால் சில சமயம் அந்த இரண்டாவது 50 காசு வந்து சேர்வதில்லை என்பது ஒரு டெஸ்டரின் கண்ணில் படுகிறது.

விளையாடுவதில் ஆர்வமுள்ள ஒருவர் இந்த இடத்தில், ‘கால் வந்தால் காசு வரவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த பந்தயத்துக்குப் போய்விடுவார். டெஸ்டரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அழைப்பை எடுக்காமல் துண்டித்தால் என்ன ஆகிறது என்று அவர் முதலில் பார்க்கிறார், காசு வருகிறது. எடுத்துப் பத்து நொடி பேசிவிட்டுத் திரும்பினாலும் வருகிறது. இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால், 2 ஜிபி ராம் உள்ள கைபேசியில் பத்து முறையில் ஏழு முறை காசு வரவில்லை. 6 ஜிபி ராம் உள்ள கைபேசியில் பத்து முறையும் வருகிறது. இந்த வேறுபாடு அவரை யோசிக்க வைக்கிறது. அழைப்பே இல்லாமல், விளம்பரத்தின் நடுவில் கேமை விட்டு வெளியேறி, கேமராவைத் திறந்து சில படங்களை எடுத்துவிட்டுத் திரும்புகிறார். அப்போதும் சிறிய கைபேசியில் காசு தொலைகிறது. கூடவே இன்னொன்றையும் அவர் கவனிக்கிறார்: காசு தொலையும்போதெல்லாம் கேம் விட்ட இடத்திலிருந்து தொடராமல், நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டித் தொடக்கத்திலிருந்து திறக்கிறது.

பிழைக்கும் அழைப்புக்கும் நேரடித் தொடர்பில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. நினைவகம் குறைவாக உள்ள கைபேசியில், பின்னணிக்குப் போன கேமை ஆண்ட்ராய்டு மூடிவிடுகிறது. விளம்பரம் பார்த்ததற்கான பரிசு நிலுவையில் இருக்கிறது என்ற செய்தி எங்கும் சேமிக்கப்படாததால் அது கேமோடு சேர்ந்தே அழிகிறது. இதை டெஸ்டர் உறுதியாகச் சொல்ல வேண்டியதில்லை, காரணத்தைக் கண்டுபிடிப்பது புரோகிராமரின் பொறுப்பு. ஆனால் எந்தச் சூழலில் நடக்கிறது, எந்தச் சூழலில் நடக்கவில்லை என்ற எல்லைக்கோட்டை வரைந்து கொடுத்துவிட்டால், புரோகிராமர் ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டியதை அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார். நல்ல டெஸ்டருக்கும் சுமாரான டெஸ்டருக்கும் உள்ள வித்தியாசம் இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அவர் எழுதும் அறிக்கையில் கேமின் எந்தப் பதிப்பு, எந்தக் கைபேசி, எந்த ஆண்ட்ராய்டு என்பவை முதலில் வரும். பிறகு அந்தப் பிழையை வேறொருவர் தம் கையால் மறுபடி உண்டாக்குவதற்கான படிகள் எண் போட்டு வரும். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, பத்துக்கு எத்தனை முறை என்பவை கடைசியில் வரும். ‘கேம் சரியாக வேலை செய்யவில்லை’, ‘எரிச்சலாக இருக்கிறது’ போன்ற வாக்கியங்களுக்கு அங்கே இடமில்லை. இவையெல்லாம் பெரும்பாலும் எளிய ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தமிழ் வழியில் படித்த மாணவர்கள் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை. சிறு வாக்கியங்களில் பிழையின்றி எழுத முடிந்தால் அதுவே போதுமானது.

இந்தப் பிழை எப்போது திருத்தப்பட்டு வந்தாலும், அதோடு டெஸ்டரின் வேலை முடிவதில்லை. விளம்பரம் தொடங்கும் முன்பே நிலுவைப் பரிசைக் கைபேசியில் குறித்து வைத்துவிட்டு, கேம் மறுபடி திறக்கும்போது அதைக் கொடுத்துவிடுமாறு புரோகிராமர் மாற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய படிகளை மறுபடி செய்து பார்த்துப் பிழை போய்விட்டது என்று எழுதுவது பாதி வேலைதான். விளம்பரத்தைப் பார்க்காமலே பாதியில் கேமை மூடித் திறந்தால் இப்போது காசு வந்துவிடுகிறதா, இயல்பாக ஒரு முறையும் நிலுவைக் குறிப்பிலிருந்து இன்னொரு முறையுமாக இரண்டு தடவை வந்துவிடுகிறதா என்று அவர் பார்த்தாக வேண்டும். ஒரு திருத்தம் புதிய ஓட்டையைத் திறந்துவிடுவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. ஒரே பந்தயத்தை ஒரே இடத்தில் நாற்பது தடவை நிறுத்தித் தொடங்கும் பொறுமை இல்லாதவருக்கு, கேம் விளையாடுவது எவ்வளவு பிடித்திருந்தாலும் இந்த வேலை பிடிக்காது. பிடித்த கேமையே ஆடிக்கொண்டிருக்கலாம் என்று நம்பி வருபவர்கள்தான் இந்த வேலையில் முதலில் சலித்துப்போகிறார்கள்.

இனி அடுத்த மேசை. கண்டுபிடித்த பிழைகள் எல்லாமே வெளியீட்டுக்கு முன் திருத்தப்படுவதில்லை. பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு அவசரமாகத் திருத்த வேண்டும் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதை முடிவு செய்பவர் டெஸ்டர் அல்ல. நம் பிழை ஒரு சிலரையே பாதிக்கும் என்று எண்ணி, திருத்தத்தை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவைத்துவிட்டு கேமை வெளியிட்டுவிடுகிறார்கள். நம் நாட்டில் பழைய, சிறிய கைபேசிகளில் கேம் ஆடுவோர் நிறைய இருப்பதால் புகார்கள் குவிகின்றன. ‘எனக்க காயின் எங்கே? ரெண்டு மட்டம் விளம்பரம் பாத்தாச்சு’ என்று ஒருவர் எழுதுகிறார். ஏமாற்றுக் கம்பெனி என்று இன்னொருவர் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார். இவை வந்து விழும் இடம் கம்யூனிட்டி மேனேஜரின் மேசை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சமூக ஊடகத்தில் பதிவு போடும் வேலையாகத் தெரியும். அது அவருடைய நாளில் ஒரு பகுதி மட்டுமே. அவர் முதலில் புகார்களைப் பிரிக்கிறார். ஒவ்வொருவரிடமும் கைபேசியின் பெயரையும், கேம் முதலிலிருந்து திறந்ததா என்பதையும் கேட்கிறார். ஒரே மாதிரித் தோன்றும் புகார்களுக்குள் மூன்று விதம் ஒளிந்திருப்பது அப்போது தெரிகிறது. சிலருக்கு நம் பிழை. சிலருக்கு இணைய இணைப்பு அறுந்து விளம்பரமே முடியவில்லை. இன்னும் சிலருக்கு அந்த நேரத்தில் காட்ட விளம்பரமே கிடைக்காததால் பொத்தான் வேலை செய்யவில்லை. இப்படிப் பிரித்து எழுதிய ஒரு பக்கக் குறிப்பை அவர் குழுவுக்கு அனுப்பும்போது, தள்ளிவைத்த பிழையின் அவசரம் மாறிவிடுகிறது. ஆட்டக்காரர்களின் கோபத்தைக் குழு பயன்படுத்தக்கூடிய தகவலாக மாற்றிக் கொடுப்பதே இந்த வேலையின் சாரம்.

வெளியே அவர் எழுதும் அறிவிப்பில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: என்ன தவறு என்று குழுவுக்குத் தெரியும், இப்போதைக்கு எப்படித் தவிர்க்கலாம், அடுத்த செய்தி எப்போது வரும். விளம்பரம் முடியும் வரை கேமை விட்டு வெளியேற வேண்டாம் என்பது இங்கே உண்மையிலேயே உதவும் ஆலோசனை. திருத்தம் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றோ, எல்லோருக்கும் ஆயிரம் காசு தருவோம் என்றோ தாமாக வாக்குக் கொடுத்தால், அது நடக்காதபோது முதல் பிழையைவிடப் பெரிய சிக்கல் வந்து சேரும். தம் கையில் இல்லாத முடிவுகளுக்காகத் தம்மை வசைபாடுவோரிடம் நாள் முழுக்கப் பொறுமையாகப் பேச வேண்டிய வேலை இது. இரவிலும் விடுமுறையிலும் செய்திகள் வரும், தனிப்பட்ட தாக்குதல்களும் இருக்கும். அந்தச் சொற்களை வீட்டுக்குச் சுமந்துபோகும் இயல்புடையவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

குமரி மாவட்டத்து மாணவர்களுக்கு இந்த இடத்தில் உண்மையான ஒரு அனுகூலம் இருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூர் – கொச்சியோடு இருந்த இந்த மண்ணில், குறிப்பாக விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில், தமிழும் மலையாளமும் ஒருசேரப் புழங்கும் வீடுகள் ஏராளம். இரு மொழிகளிலும் ஒரு புகாரின் தொனியைச் சரியாக உணர்ந்து, அதை ஆங்கிலத்தில் குழுவுக்கு எழுதத் தெரிந்தவரைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. கேமின் மொழிபெயர்ப்பு சரியாக இருக்கிறதா, நீளமான தமிழ்ச் சொல் பொத்தானைத் தாண்டி வெளியே வழிகிறதா, எழுத்துகள் உடைந்து தெரிகின்றனவா என்று பார்க்கும் மொழிச் சோதனை என்ற தனிப் பிரிவுக்கும் இந்தத் திறமை பொருந்தும்.

மூன்றாவது மேசை டிசைனருடையது. இழப்பீடு கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி அவரிடம் வருகிறது. மனம் போன போக்கில் ஒரு தொகையைச் சொல்லிவிட அவரால் முடியாது. ஒரு சராசரி ஆட்டக்காரர் நாளுக்கு 12 பந்தயம் ஆடி, 4 விளம்பரம் பார்க்கிறார் என்று தரவு காட்டினால், அவருடைய நாள் வருமானம் 600-உம் 200-உம் சேர்ந்து 800 காசு. அடுத்த காரின் விலை 8,000 காசு. அதாவது பத்து நாள் ஆட்டம். பாதிக்கப்பட்டவர் நாளுக்கு இரண்டு முறை பரிசை இழந்திருந்தால் ஒரு வாரத்தில் 700 காசு போயிருக்கும். ஆகவே பிழை இருந்த நாட்களில் கணக்கு வைத்திருந்த எல்லோருக்கும் 1,000 காசு கொடுத்தால், இழந்தவருக்கு இழப்பும் ஈடாகும், கொஞ்சம் கூடுதலும் கிடைக்கும். இழக்காதவருக்கோ ஒன்றேகால் நாள் வருமானம் மட்டுமே கூடும். கோபத்தைத் தணிக்க ஒரு காரையே கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பத்து நாள் உழைத்து அடைய வேண்டியதை எல்லோரும் ஒரே நொடியில் அடைந்துவிடுவார்கள், அதற்காக விளம்பரம் பார்க்கும் தேவையும் போய்விடும் என்று டிசைனர் கணக்கோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவர் அதோடு நிற்பதில்லை. பரிசை அந்தக் கணமே வாங்கியாக வேண்டும் என்ற அமைப்பே இந்தச் சிக்கலுக்கு இடம் கொடுத்தது என்று கண்டு, கேமுக்குள் ஒரு அஞ்சல் பெட்டியை வைத்து, வராத பரிசுகள் அங்கே காத்திருக்கும்படி மாற்றலாமா என்று யோசிக்கிறார். அதற்கு எத்தனை திரைகள் வேண்டும், பரிசு எத்தனை நாள் காத்திருக்கும், பெட்டி நிறைந்தால் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை. புதுக் கதைகளையும் நாயகர்களையும் சிந்திப்பவர்தான் டிசைனர் என்ற படம் பல மாணவர்களின் மனதில் இருக்கிறது. நடைமுறையில் அவருடைய நாளின் பெரும்பகுதி கணக்கு அட்டவணைகளிலும், விதிகளை ஐயமற எழுதுவதிலும், தாம் ஆசையாக உருவாக்கியது பிறருக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதிலும் போகிறது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியுமா என்றால், முடியும்; ஆனால் எங்கே வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு நிறுவனம் தன் சொந்த கேமைத் தானே சோதிக்கிறது என்றால், டெஸ்டர் டிசைனரின் அருகிலேயே உட்கார்ந்திருப்பார், அவருடைய எழுத்தை டிசைனர் தினமும் படிப்பார், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு பொறுப்புகள் கைமாறும். இந்தியாவில் டெஸ்டர் வேலைகளில் கணிசமானவை வெளிநாட்டு நிறுவனங்களின் கேம்களைச் சோதித்துக் கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களில் இருக்கின்றன. அங்கே டிசைனர் வேறொரு கண்டத்தில் இருப்பார், அவர் முகத்தைக்கூட டெஸ்டர் பார்த்திருக்க மாட்டார். அத்தகைய இடத்தில் இயல்பான வளர்ச்சி மூத்த டெஸ்டர், குழுத் தலைவர், தானியங்கிச் சோதனை என்ற திசையில்தான் போகும். அது மதிப்பான பாதைதான், ஆனால் டிசைனர் ஆவதற்காக அங்கே காத்திருப்பதில் பயனில்லை. நேர்முகத் தேர்வில், சோதிப்பது உங்கள் சொந்த கேமா, பிறருடைய கேமா என்று மாணவர் கேட்க வேண்டும். இதைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

வேலைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். யூபிசாஃப்ட் புனேயிலும், ராக்ஸ்டார் பெங்களூரிலும், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்திலும் கிளைகள் வைத்திருக்கின்றன. பெங்களூருக்கும் புனேவுக்கும் நாகர்கோவில் வழியே நேரடி ரயில் ஓடுகிறது என்பதைத் தவிர, நம் மாவட்டத்துக்கும் இந்தத் துறைக்கும் பெரிய தொடர்பு இன்னும் ஏற்படவில்லை. பக்கத்தில் உள்ள திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் மென்பொருள் வேலைகளே பெரும்பான்மை. ஆனால் டெஸ்டர் பாதையைத் தேர்ந்தவருக்கு இது ஒரு பாதுகாப்பு: மேலே சொன்ன எல்லைக்கோடு வரையும் திறமையும் அறிக்கை எழுதும் பழக்கமும் வங்கிச் செயலியைச் சோதிக்கவும் அப்படியே பயன்படும். டிசைனருக்கு அத்தகைய மாற்று வாசல் குறைவு. வீட்டுப் பொருளாதார நிலையை வைத்து முடிவெடுக்க வேண்டிய மாணவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தது. ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் போன்றவற்றைப் பணத்துக்கு நடத்திய நிறுவனங்கள் அந்தத் தொழிலை நிறுத்த வேண்டியதாயிற்று, அவற்றில் இருந்த பலரின் வேலையும் போயிற்று. ஆகவே ஒரு நிறுவனத்தின் வருமானம் எதிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் அதில் சேரக் கூடாது. வீட்டிலிருந்து கேம் ஆடிச் சோதித்தால் தினமும் பணம் என்று டெலிகிராமில் வரும் செய்திகள் வேறு வகை. முன்பணமோ வைப்புத்தொகையோ கேட்டால் அது மோசடி. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

முடிவெடுக்கும் முன் மூன்றையும் வீட்டில் இருந்தே செய்து பார்க்க வழி இருக்கிறது. டெஸ்டர் வேலைக்கு, SuperTuxKart என்ற இலவசக் கார் பந்தயம் நல்ல களம். அதன் மூல நிரல் திறந்தது, பிழை அறிக்கைகள் GitHub தளத்தில் எல்லோர் பார்வைக்கும் இருக்கின்றன. பழைய அறிக்கைகளில் இருபதை வாசித்து, எதற்கு உடனே பதில் வந்தது, எதற்கு மேலும் விவரம் கேட்டார்கள் என்று பார்த்துவிட்டு, தாமே ஒரு பிழையைக் கண்டு எழுதிப் பார்க்கலாம். கேமை உருவாக்கியவர்களே அதைப் படித்துப் பதில் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இணைப்பைக் காட்டவும் முடியும். கம்யூனிட்டி மேனேஜர் வேலைக்கு, தமக்குத் தெரிந்த ஒரு கேமின் ப்ளே ஸ்டோர் விமர்சனங்களில் நூறை எடுத்து, எத்தனை விதமான குறைகள் உள்ளன என்று பிரித்து, ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதி முடித்தபோது சோர்வு மிஞ்சுகிறதா, ஆட்டக்காரர்கள் மேல் அக்கறை மிஞ்சுகிறதா என்பதைக் கவனித்தால் விடை கிடைத்துவிடும்.

டிசைனர் ஆக நினைப்பவருக்குக் கணினிகூட உடனே வேண்டாம். ஆடு புலி ஆட்டத்தில் 3 புலியும் 15 ஆடும் 23 புள்ளிகளும் உண்டு. ஆடுகளை 12 ஆக்கினால் என்ன ஆகும் என்று முதலில் தம் ஊகத்தை எழுதி வைக்க வேண்டும். பிறகு தம்பி, தங்கை, நண்பர்களை ஆட வைத்து, யார் வென்றார், எத்தனை நகர்வில் ஆட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது, எந்த இடத்தில் ஒருவர் ஆர்வமிழந்தார் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் குறிக்க வேண்டும். ஆடுபவருக்கு இடையில் யோசனை சொல்லக் கூடாது; வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் இதில் கடினமான பகுதி. பத்து இருபது ஆட்டம் முடிந்தபின் ஆடுகளைக் குறைத்ததை ஈடுசெய்ய எந்த விதியை மாற்றலாம் என்று யோசித்து, மறுபடி ஆட வைக்கலாம். இதில் ஆர்வம் குறையாதவர் அடுத்து கோடோ என்ற இலவச மென்பொருளில், ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கக்கூடிய ஒரே ஒரு சிறு கேமைத் தொடங்கி முடித்துக் காட்ட வேண்டும். பாதியில் நிற்கும் பெரிய கேமைவிட முடிந்த சிறிய கேமே தேர்வாளரின் கண்ணில் மதிப்புள்ளது. முறையான படிப்பு வேண்டுமானால் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் அதன் தகுதி விதிகளைப் பார்த்துவிட்டு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாம். பல லட்சம் கேட்கும் தனியார் பட்டயப் படிப்பு எதிலும் சேரும் முன், அங்கே படித்து முடித்த மாணவர்கள் உருவாக்கிய கேம்களைக் காட்டச் சொல்லி, அவற்றை ஆடிப் பார்த்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டுவது நல்லது.

வேலை கிடைத்த பிறகு கையெழுத்திடும் தாளிலும் சில வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். டெஸ்டர் பணிகளில் ஒரு கேம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிவது வழக்கம், ஆகவே காலம் எத்தனை மாதம் என்று பார்க்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் கூடுதல் நேரம் வேலை செய்ய நேரும்; அதற்குக் கூலி உண்டா, ஈடான விடுப்பு உண்டா, இரவுப் பணிக்கு வாகனம் தருவார்களா என்று கேட்க வேண்டும். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற உறுதிமொழி கட்டாயம் இருக்கும், நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்ந்தாலும் வேலை போகலாம். பல நிறுவனங்களில் டெஸ்டரின் பெயர் கேமின் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலில் இடம்பெறும், சிலவற்றில் இடம்பெறாது. அடுத்த வேலைக்கு அதுவே சான்று என்பதால், பெயர் வருமா என்பதையும் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும்.